ஞாயிற்றுக்கிழமை ஷெட்யூல் வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் பூங்கார், மாப்பிள்ளை சம்பா, கருப்புக்கவுனி அரிசி விற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூணு பதிவு ஷெட்யூல் பண்ணி வைக்கிறேன். என் தம்பி வயலில் ஏதாவது கண்ணில் பட்டால் அப்போதே போட்டுவிடுவான். மார்கழி, தை, மாசி மூணு மாசத்தில் நான் ஷெட்யூல் பண்ணது 39 பதிவு, வெப்சைட்டுக்கு வந்தது 780 பேர், 26 ஆர்டர். தம்பி போட்டது 13 பதிவு, 650 பேர், 22 ஆர்டர். அதில் அறுவடை வீடியோ ஒண்ணுக்கே 310 பேர், 11 ஆர்டர். பதிவு போட்ட நாளிலும் மறுநாளும் வந்தவர்களை அந்தப் பதிவின் கணக்கில் சேர்த்தேன். "ஞாயிறு வேலையை விட்டுடு அண்ணே" என்கிறான். விட்டுவிடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். கணக்கைப் பார்த்தால் தம்பி பக்கம் நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் இந்தக் கணக்கை வைத்து யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் அறுவடை வீடியோவை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். மிச்சம் தம்பியின் 12 பதிவுகளுக்கு 340 பேர், 11 ஆர்டர். உங்கள் 39 பதிவுகளுக்கு 26 ஆர்டர். இரண்டும் ஒரே தரம் என்றால், மொத்தம் 51 பதிவுக்கு 37 ஆர்டர் என்ற விகிதத்தில் 12 பதிவுக்கு 9 ஆர்டர் அளவில் வந்திருக்க வேண்டும், வந்திருப்பது 11. அந்த இரண்டு ஆர்டர் வித்தியாசம், யாரோ ஒரு அத்தை தனக்கும் மகளுக்கும் தனித்தனியாக ஆர்டர் போட்டாலே வந்துவிடும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. தம்பி எந்த நாளில் போட்டார்? வயலில் ஏதோ நடந்த நாளில். அறுவடை மிஷின் இறங்கிய அன்று, பொங்கலுக்குப் புது அரிசி மூட்டை பிரித்த அன்று. அந்த நாட்களில் வாங்குகிறவர்களின் மனமும் அரிசி மேலேயே இருக்கிறது. நீங்கள் செவ்வாய், வியாழன், சனி என்று, ஒன்றும் நடக்காத நாளிலும் போட்டீர்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கிறவர் கார்த்திகை மாதத்தில் போட்ட பதிவையும் ஆடி மாதத்தில் போட்ட பதிவையும் ஒப்பிட்டு, எந்தப் பதிவு நன்றாக எழுதப்பட்டது என்று முடிவு செய்ய முடியுமா? விற்றது மாதம். உங்கள் கணக்கும் அப்படித்தான், அது அளந்திருப்பது சந்தர்ப்பத்தின் பலத்தை.

சந்தர்ப்பத்தைப் பிரித்தெடுக்க ஒரே வழி, எந்த நாளில் எந்த வகைப் பதிவு என்பதை நீங்களும் தம்பியும் தீர்மானிக்காமல் இருப்பது. வாரத்தில் நாலு நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு துண்டுக் காகிதத்தில் "திட்டம்", இரண்டில் "உடனடி" என்று எழுதி மடித்து, வாரம் தொடங்கும் முன் வீட்டில் ஒரு குழந்தையை விட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். எட்டு வாரம் செய்தால் இரு பக்கமும் 16, 16 நாள். ஒவ்வொரு வாரமும் சரிபாதியாக விழுவதால், பண்டிகை வாரம் வந்தாலும் இருவருக்கும் பொதுவாகவே வரும்.

இதில் இரண்டு விதிகளைக் கறாராகப் பிடிக்க வேண்டும். ஒன்று, "உடனடி" நாளில் தம்பிக்குப் போட ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அன்று பதிவு இல்லை, ஆனால் அந்த நாள் கணக்கில் இருக்கும். பதிவுகளின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், நாட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். தோன்றும்போது போடுவது என்ற முறையின் உண்மையான செலவே, தோன்றாத நாட்கள்தான். உங்கள் பழைய கணக்கில் அந்த வெற்று நாட்கள் எங்குமே தெரியவில்லை. என்னிடம் வரும் சிறு வியாபாரிகளில் முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது, "திட்டம்" நாளில் வயலில் அருமையான காட்சி கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த "உடனடி" நாளில் போடட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அன்று போடக்கூடாது. தம்பிக்கு இது கஷ்டமாக இருக்கும், எட்டு வாரம்தான் என்று சொல்லுங்கள். மழையால் கூரியர் தாமதம் என்பது போன்ற தகவல்களை எப்போது வேண்டுமானாலும் போடலாம், அவை எந்தக் கணக்கிலும் சேராது. காசு கட்டி பூஸ்ட் செய்வதையும் தள்ளுபடியையும் இந்த எட்டு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது, வந்தவர் எந்தப் பதிவிலிருந்து வந்தார் என்பதை அறிவது. நாளை வைத்து எண்ணுவது போதாது. சனிக்கிழமை வந்தவர் தம்பி அன்று போட்டதைப் பார்த்து வந்தாரா, நீங்கள் வியாழன் போட்டதைப் பார்த்து யோசித்துவிட்டு வந்தாரா? ஒவ்வொரு பதிவின் லிங்கிலும் ஒரு அடையாளம் ஒட்ட வேண்டும். ஃபேஸ்புக் பதிவுக்கு இப்படி:

```
https://example.com/poongar?utm_source=facebook&utm_medium=social&utm_campaign=panguni&utm_content=plan-07
```

தம்பியின் பதிவுக்குக் கடைசியில் `plan-07` இடத்தில் `now-07` என்று வரும். எல்லாமே சின்ன எழுத்தில் இருக்கட்டும், `Plan` என்றும் `plan` என்றும் எழுதினால் இரண்டு தனி வரியாகப் பிரிந்துவிடும். கூகுள் அனலிட்டிக்ஸில் `Reports`, `Acquisition`, `Traffic acquisition` என்று போய், பட்டியலின் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள `+` குறியைத் தொட்டு `Session manual ad content` என்பதைச் சேர்த்தால் பதிவு வாரியாக வருகை தெரியும். உங்கள் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்கில் மட்டும் இந்த அடையாளத்தை ஒட்டாதீர்கள், ஆள் எந்த வழியாக வந்தார் என்பதே குழம்பிப்போகும்.

ஆனால் நம் பக்கத்தில் பாதி வியாபாரம் வெப்சைட்டைத் தொடுவதே இல்லை. பதிவைப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் "அண்ணே, பூங்கார் 5 கிலோ இருக்கா?" என்று கேட்பார்கள், ஜிபேயில் பணம் வந்துவிடும். இந்த ஆர்டர்களைப் பிடிக்க வாட்ஸ்அப் லிங்கிலேயே செய்தியை எழுதிக் கொடுத்துவிடலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Poongar%20plan-07
```

உங்கள் எண்ணைப் போட்ட இந்த லிங்கைத் தொட்டால், வாடிக்கையாளரின் போனில் "Poongar plan-07" என்று செய்தி தயாராக நிற்கும். அவர் அனுப்பினாலே போதும், எந்தப் பதிவு என்பது உங்கள் சாட்டில் முதல் வரியில் இருக்கும். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் போடும் லிங்கைத் தொட முடியாது. அங்கே "ஆர்டரில் P7 என்று சொன்னால் கால் கிலோ அவல் இலவசம்" என்று எழுதுங்கள், தம்பியின் பதிவில் N7. அவல் இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை. குறியீடு சொல்லாமல் போன் பண்ணுகிறவரிடம் "எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

அடையாளம் ஒட்டிய லிங்கை யாராவது குடும்பக் குழுவில் ஃபார்வர்ட் செய்தால் அது பல வாரம் சுற்றும். அதனால் பதிவு போட்ட ஏழு நாளுக்குள் வந்த ஆர்டரை மட்டும் எண்ணுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால், அண்ணன் தம்பி இருவருமே தங்களுக்குத் தோதான விதியைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

எட்டு வாரம் கழித்து ஆர்டர்களை இப்படிப் பாருங்கள். இரண்டு பக்க ஆர்டரையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். 19-க்கு 13 என்று வந்தால் கூட்டல் 32, வர்க்கமூலம் 5.7, இரட்டித்தால் 11.4. வித்தியாசமோ 6, ஒன்றும் சொல்வதற்கில்லை. 27-க்கு 12 என்றால் கூட்டல் 39, இரட்டித்த மூலம் 12.5, வித்தியாசம் 15. அப்போது வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். வருகைக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரே ஷேரில் நூறு பேர் மொத்தமாக வந்து விழுவார்கள். அங்கே 16 நாட்களின் வருகையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எட்டாவது, ஒன்பதாவது எண்களின் சராசரியை ஒப்பிடுங்கள். அறுவடை வீடியோ போன்ற ஒரு நாள் மொத்தத்தையும் இழுத்துச் செல்லாது.

ஆர்டர் சமமாக இருந்தாலும் கேள்வி முடியவில்லை, உங்கள் நேரத்துக்கும் விலை இருக்கிறது. வாரம் நாலு மணி நேரம் என்றால் 13 வாரத்துக்கு 52 மணி நேரம். பேக்கிங், கூரியர் போக ஒரு ஆர்டரில் 250 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 26 ஆர்டருக்கு 6,500 ரூபாய். மணிக்கு 125. தம்பியின் பதிவு ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றால் அவர் கணக்கு மிக உயரத்தில் நிற்கும். ஆனால் அதைப் பார்த்து "அப்படியானால் தம்பி 39 பதிவு போடட்டும்" என்று நினைக்கக் கூடாது. வயலில் அறுவடை 39 முறை வராது. நீங்கள் செய்யக்கூடியது ஞாயிறு வேலையின் அளவைக் குறைத்துப் பார்ப்பது. நாலு மணி நேரத்தில் எவ்வளவு எழுதுவதற்குப் போகிறது, எவ்வளவு டிசைனில் எழுத்தின் கலரை மாற்றுவதற்குப் போகிறது என்று ஒரு ஞாயிறு கடிகாரத்தை வைத்துக் குறியுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்தும் அதே ஆர்டர் வந்தால் மணிக்கு 250 ஆகிவிடும். சோதனை வாரங்களில் மட்டும் நேரத்தை மாற்றாதீர்கள், பிறகு எது எதனால் என்று தெரியாமல் போகும்.

ஒன்றை மட்டும் இந்தச் சோதனை முழுதாகப் பிடிக்காது. உங்கள் திட்டமிட்ட பதிவுகளை ஒரு மாதமாகப் பார்த்துப் பழகியவர், தம்பியின் வீடியோவைக் கண்டதும் ஆர்டர் போடுவார். லிங்க் தம்பியின் பெயரைச் சொல்லும், நம்பிக்கை இருவரும் சேர்ந்து சம்பாதித்தது. அதற்காகத்தான் போனில் "எங்க பக்கத்தை எத்தனை நாளா பாக்கிறீங்க?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். தம்பி பக்கம் எழுதப்பட்ட ஆர்டர்களில் பழைய பார்வையாளர்களே அதிகம் என்றால், ஷெட்யூலை நிறுத்திய இரண்டு மூன்று மாதத்தில் தம்பியின் எண்ணும் இறங்க வாய்ப்புண்டு.

பங்குனியில் தொடங்கினால் வயலில் உளுந்து, பயறு எடுத்த பிறகு காட்டுவதற்கு அதிகம் இருக்காது, தம்பிக்குப் பாதகமான காலம் அது. எனவே அந்த எட்டு வாரத்தின் முடிவைக் கோடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து, சம்பா நடவு தொடங்கும்போது அதே காகிதத் துண்டுகளை இன்னொரு எட்டு வாரம் எடுங்கள்.