குட்டைச் சுவரை நகர்த்தும்போது விடுபடும் ஜோடிகள்

“வரிசையாக நிற்கும் சுவர்களில் எந்த இரண்டுக்கு இடையே அதிக நீர் தேங்கும் என்று கண்டுபிடிக்க, பாலிடெக்னிக் டுட்டோரியலில் இரு ஓரச் சுவர்களில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் குட்டைச் சுவரை விட்டு அதற்கு அடுத்த உள்சுவருக்கு நகரச் சொன்னார்கள். விடை சரியாக வருகிறது. ஆனால் பார்க்காமல் விட்ட ஜோடிகளில் பெரியது இருக்காதா?” (தெம்பனிஸ்)

இருக்காது. `[3, 9, 4, 7, 2, 8]` என்ற உயரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரு ஓரங்களிலும் தொடங்கினால் அகலம் 5, நீர்மட்டம் குட்டைச் சுவரின் உயரமான 3, கொள்ளளவு 5 × 3 = 15. இனி அந்த 3-ஐ உள்ளே இருக்கும் எந்தச் சுவருடன் சேர்த்தாலும், அச்சுவர் எவ்வளவு உயரமானாலும், நீர்மட்டம் 3-ஐத் தாண்டாது. அகலமோ 4 அல்லது அதற்கும் குறைவு. ஆகவே அந்த நான்கு ஜோடிகளும் 12-ஐ மிஞ்ச முடியாது. அவற்றைப் பார்க்காமலே 3-ஐக் கைவிடலாம்.

அடுத்து 9, 8: அகலம் 4, கொள்ளளவு 32. இப்போது குட்டையானது 8 என்பதால் அதையே நகர்த்துகிறோம். பிறகு வரும் கொள்ளளவுகள் 6, 14, 4 மட்டுமே. விடை 32.

உயரமான சுவரை நகர்த்தினால் இந்த வாதம் நிற்காது. முதல் படியிலேயே 8-ஐக் கைவிட்டிருந்தால், 32 தரும் ஜோடியையே இழந்திருப்பீர்கள்.

இரண்டும் சம உயரமானால் எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம். அவற்றில் ஒன்றை மட்டும் கொண்ட உள்ஜோடி எதுவும் தற்போதைய கொள்ளளவை மிஞ்சாது.