வசனங்கள் சரி, சுருக்கம் பிழை: நடுவில் என்ன நடக்கிறது?

"ஒவ்வொரு பந்தியையும் ஒரு வசனமாகச் சுருக்கி எழுதுகிறேன். தனித்தனியா வாசித்தால் சரியாகத்தான் இருக்கு. சேர்த்து எழுதினால் மட்டும் சேர் பிழை போடுறார். ஏன்?"

ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் இதே மாதிரிச் சுருக்கங்களுக்குப் பிழை போட்டிருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு வசனத்தில் இருப்பதில்லை. இரண்டு வசனங்களை ஒட்ட நாம் போடும் 'அதனால்', 'பின்னர்', 'ஆனால்' போன்ற சொற்களில்தான் இருக்கும்.

வகுப்புக்கென்று நானே எழுதிய நான்கு பந்திக் கட்டுரை ஒன்று உண்டு. மலையகத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்த கதை. (கோப்பியைக் 'கொப்பி' என்று எழுதி, பயிற்சிப் புத்தகத்துக்கு நோய் வரவைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.) ஒரு பிள்ளை அதிலிருந்து எடுத்த நான்கு வசனங்கள் இவை:

"19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பியே மலையகத்தின் பிரதான பயிர், பறிப்புக் காலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள். 1869இல் இலைத்துரு நோய் பரவத் தொடங்கி, கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டியதால் தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர்."

நான்கும் சரி. நான்காவதற்குத் தனியாகவே பாராட்டினேன். அந்தப் பந்தி பனியில் கூடையோடு மலையேறும் பெண்களின் காட்சியில் தொடங்குகிறது, விஷயமோ கடைசி வரியில்தான் வருகிறது. முதல் வரியை மட்டும் நம்பியிருந்தால் 'பெண்கள் கூடை சுமந்தனர்' என்று எழுதியிருப்பாள்.

அப்புறம் நான்கையும் சேர்த்தாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வந்தது இது: "கோப்பி அழிந்தது. அதனால் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார்."

டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். நோய் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. கட்டுரையில் நோய்ப் பந்தி முன்னால் இருக்கிறது, டெய்லர் பந்தி பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் பந்தியில் 1867 என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வசனமாகச் சுருக்கியபோது ஆண்டு உதிர்ந்துவிட்டது. ஆண்டு இல்லாததால் இரண்டு வசனங்களும் காரணமும் விளைவும் போலத் தெரிந்தன. 'அதனால்' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "நாலு வசனமும் சரிதானே சேர்?" என்று கேட்டாள். சரிதான். பொய் சொன்னது அந்த ஒரு சொல்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வசனங்களை ஒரு தாளில் வரிக்கு வரி இடம்விட்டு எழுதி, இடைவெளியில் பென்சிலால் உறவை மட்டும் குறியுங்கள்: காரணமா, காலமா, மாறுபாடா, முந்தியதற்கு உதாரணமா? காரணம் என்று குறித்தால் மூலத்துக்குத் திரும்பிப் போய், அங்கே அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'அதனால்' போடக் கூடாது. காலம் என்றால் எது முந்தியது என்று ஆண்டைப் பாருங்கள். உதிர்ந்திருந்தால் திரும்ப எடுத்து வையுங்கள். உதாரணம் என்றால் அதற்குத் தனி வசனம் தேவையில்லை, முந்திய வசனத்துக்குள் ஒரு சொற்றொடராகக் கரைத்துவிடலாம்.

அந்தப் பிள்ளை அப்படிக் குறித்துவிட்டுத் திருத்தியது:

"19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலையகத்தின் பிரதான பயிராக இருந்த கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் அதிக ஆட்கள் தேவைப்பட்டனர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பலர் வேலை முடிந்ததும் திரும்பினர். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிய, 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையிலோ வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர்."

நான்கு வசனம் மூன்றாகிவிட்டதைக் கவனியுங்கள். பந்திக்கு ஒரு வசனம் என்பது முதற்படிக்கு மட்டும்தான். 19 ஏக்கர் போய்விட்டது, 1867 திரும்பி வந்தது. 'தேயிலையிலோ' என்பதில் உள்ள அந்த 'ஓ'வையும் பாருங்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு எழுத்தே சொல்லிவிடுகிறது, 'ஆனால்' கூடத் தேவைப்படவில்லை.

கதைப் பகுதி கொடுத்தால் இந்த முறை அவ்வளவு உதவாது. உரையாடலில் ஒருவர் பேசும் ஒவ்வொரு வரியும் தனிப் பந்தியாக வரும். அங்கே ஐந்தாறு பந்திகளைச் சேர்த்து ஒரு காட்சியாக எடுத்துக்கொண்டு, காட்சிக்கு ஒரு வசனம் எழுதுங்கள்.