இடைவெளி உண்மை, விளக்கம் பிழை: அமெரிக்கப் படைத் தேர்வுகளின் கதை

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் புதிதாகக் குடியேறியவர்களும் ஐ.க்யூ. தேர்வுகளில் வெள்ளையரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்கள் என்று தரவே சொல்கிறதே? பிறகு அது இன உயர்வு தாழ்வுக்குச் சான்று இல்லை என்று விஞ்ஞானிகள் எப்படிச் சொன்னார்கள்?

மதிப்பெண்களில் இடைவெளி இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது எதனால் வந்தது என்பதில்தான் வழக்கு. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு நிகழ்வைக் கொண்டே இதற்குப் பதில் சொல்கிறேன். இனப் படிநிலையை நிறுவப் பயன்பட்ட அதே அட்டவணைகளில்தான் அதற்கான மறுப்பும் இருந்தது என்பதால் அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளரின் தலைமையில் ஏறத்தாழ 17.5 லட்சம் படைவீரர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா என்ற எழுத்துத் தேர்வும், மற்றவர்களுக்கு பீட்டா என்ற படத் தேர்வும் தரப்பட்டன. இவை பிறவியிலேயே அமைந்த அறிவை அளக்கின்றன என்று யெர்க்ஸ் உறுதியாக நம்பினார். ஆனால் ஆல்ஃபாவில் ஒரு வினா, கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று கேட்டது. கிரிஸ்கோ அந்நாட்டுக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயர். பீட்டாவிலோ, குறைபாடுள்ள படங்களைக் காட்டி விடுபட்டதை வரையச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று வலை இல்லாத டென்னிஸ் மைதானம். சிசிலியின் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, வாழ்நாளில் டென்னிஸ் ஆட்டத்தையே பார்த்திராத ஒருவர், நெரிசலான அறையில், சைகையால் தரப்பட்ட விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவரை பிடித்துப் பழகாத பென்சிலால் அந்த வலையை வரைய வேண்டும். ஆல்ஃபாவின் பல பகுதிகளில் மிகுதியானோர் வாங்கிய மதிப்பெண் பூஜ்யமே. வினா கடினமாக இருந்தால் மதிப்பெண் குறையும். இத்தனை பேர் பூஜ்யத்தில் குவிகிறார்கள் என்றால், என்ன கேட்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை என்று கொள்வதுதான் முறை.

இந்தத் தரவை எடுத்து 1923இல் நூலாக்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகம். ஐரோப்பியரை நார்டிக், ஆல்பைன், மத்தியதரைக்கடல் என மூன்று இனங்களாகப் பிரித்து, நார்டிக் இனத்தை உச்சியிலும் கறுப்பினத்தவரை அடியிலும் அவர் வைத்தார். அவருடைய அட்டவணை ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகாத குடியேறிகளின் சராசரி மனவயது, அதாவது அவர்கள் காட்டிய திறன் எந்த வயதினருக்குரியதோ அந்த வயது, சுமார் 11.3; இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வசித்தவர்களுடையது சுமார் 13.7. இடையில் உள்ள ஒவ்வொரு பிரிவிலும் வசித்த காலம் கூடக் கூட மதிப்பெண் ஏறுகிறது. மொழியும் பழக்கமும் வர வர மதிப்பெண் உயர்கிறது என்றே யாரும் இதைப் படிப்பார்கள். பிரிகமோ, முன்பு வந்தவர்கள் தரமான இனத்தினர், பின்னால் வந்தவர்கள் தரம் தாழ்ந்தவர்கள் என்று படித்தார். அடுத்த ஆண்டே தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையை 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் சுருக்கிய குடியேற்றச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. இந்த நூல் அதைத் தனியாக உண்டாக்கிவிடவில்லை. ஆனாலும் அன்றைய இனவெறிக்கு அது அறிவியல் சாயம் பூசியது.

வலுவான மறுப்பு ஒன்று 1924இல் வந்தது. ஹோரஸ் மான் பாண்ட் என்ற இளம் கறுப்பினக் கல்வியாளர், படைத் தேர்வின் எண்களை இனவாரியாக மட்டும் பார்க்காமல் மாநிலவாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அப்படிப் பார்த்தால், ஆல்ஃபா தேர்வில் மிசிசிப்பி மாநில வெள்ளையரின் இடைநிலை மதிப்பெண் 41.25; ஒஹாயோ மாநிலக் கறுப்பினத்தவருடையது 49.50, இல்லினாயில் 47.35, நியூயார்க்கில் 45.02. பள்ளிகளுக்குக் குறைவாகச் செலவிட்ட தெற்கு மாநிலங்களின் வெள்ளையரும், கூடுதலாகச் செலவிட்ட வட மாநிலங்களின் கறுப்பினத்தவரும் இடம் மாறி நின்றார்கள். பிறவி இனமே காரணம் என்றால் இந்த வரிசை வந்திருக்கக் கூடாது.

எதிர்த்தரப்பு உடனே ஒரு பதிலை வைத்தது: கறுப்பினத்தவரில் அறிவாளிகள்தான் வடக்கே குடிபெயர்ந்தார்கள், ஆகவேதான் அங்கே மதிப்பெண் கூடியது என்றது. இது சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம் என்பதால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆட்டோ கிளைன்பர்க் அதைச் சோதித்தார். தெற்கு நகரங்களின் பள்ளிப் பதிவேடுகளை எடுத்து, வடக்கே போன பிள்ளைகளின் பழைய மதிப்பெண்களையும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். போனவர்கள் மேலானவர்களாக இருக்கவில்லை. பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பள்ளிகளில், தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் அந்நகரில் எத்தனை ஆண்டுகள் வசித்தார்கள் என்று பிரித்துச் சோதித்தார். காலம் கூடக் கூட மதிப்பெண் ஏறியது. 1935இல் அவர் வெளியிட்ட இந்த முடிவைப் பின்னர் 1951இல் எவரெட் லீ என்ற ஆய்வாளர் பிலடெல்பியாவில் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து உறுதி செய்தார். இதற்கு ஓர் எல்லை உண்டு. புதிதாக வந்த பிள்ளைகள் வடக்கிலேயே பிறந்த கறுப்பினப் பிள்ளைகளின் நிலையை நெருங்கினார்களே தவிர, வெள்ளையரின் சராசரியை முழுதாக எட்டவில்லை. வடக்கிலும் அவர்கள் வாழ்ந்த நிலைமை சமமாக இருக்கவில்லை.

இதற்கிடையே 1930இல் பிரிகமே தம் நூலைக் கைவிட்டார். ஆல்ஃபாவின் பகுதிகள் எல்லாம் ஒரே திறனை அளக்கவில்லை, ஆகவே அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கியதும், ஆல்ஃபாவையும் பீட்டாவையும் ஒரே அளவுகோலில் கலந்ததும் தவறு என்று காட்டி, தம் ஆய்வு அடிப்படையற்றது என்று எழுதினார். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வை உருவாக்கியவரும் அவரே என்பதால், தேர்வுகளை வெறுத்த ஒருவரின் பேச்சாக இதை ஒதுக்க முடியாது.

பிறவியே காரணம் என்ற வாதம் 1969இல் ஆர்தர் ஜென்சன் என்ற உளவியலாளர் வழியே புது உருவில் திரும்பியது. ஐ.க்யூ. பெருமளவு மரபுவழி வருவது, ஆகவே கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே உள்ள சுமார் 15 புள்ளி இடைவெளியிலும் மரபுக்குப் பங்கு இருக்கலாம் என்றார். மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் இந்த 'ஆகவே' என்ற சொல்லையே பிடித்தார். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி விதைகளை எடுத்து, ஒன்றைச் சத்துள்ள கரைசலிலும் மற்றதைச் சத்துக் குறைத்த கரைசலிலும் வளர்த்தால், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் செடிகளின் உயர வேறுபாடு முழுதும் விதையால் வந்ததாக இருக்கும். ஆனால் இரண்டு தொட்டிகளின் சராசரி உயரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் விதைக்குத் துளியும் பங்கிருக்காது. குழுவுக்குள் மரபுவழி எவ்வளவு என்பதை வைத்துக் குழுக்களுக்கு இடையே உள்ளதைச் சொல்லவே முடியாது என்பது இதன் பொருள்.

தொட்டியின் கரைசல் அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா என்ற ஐயத்துக்கு 1980களில் ஜேம்ஸ் பிளின் என்ற ஆய்வாளர் திரட்டிய தரவு விடையளித்தது. நெதர்லாந்தில் படையில் சேர அழைக்கப்பட்ட இளைஞர்கள் அனைவரும் ஒரே படத் தேர்வை எழுதினார்கள். 1952க்கும் 1982க்கும் இடையே அவர்களின் சராசரி ஏறத்தாழ 20 புள்ளி உயர்ந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறிவிடாது. ஒரே மக்களின் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே, ஜென்சன் பேசிய இடைவெளியைவிடப் பெரிய இடைவெளி சூழலால் மட்டுமே விளைந்திருக்கிறது.