படகு தள்ளும்போது கிரியேட்டின் செய்யும் வேலை

கேள்வி: பாம்பன் பக்கம் வள்ளத்தைக் கரையேற்றும்போது முதல் தள்ளலில் இருக்கும் வலு நான்காவது தள்ளலில் இல்லை. சற்று நின்றால் திரும்பி வருகிறது. கிரியேட்டின் பொடி சாப்பிட்டால் சக்தி வரும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். அது உண்மையில் என்னதான் செய்கிறது?

ஜிம்மில் சொல்வது பாதி சரி. டப்பாவில் வரும் கிரியேட்டின் எரிபொருள் அல்ல. அதன்மேல் ஏறி உட்காரும் பாஸ்பேட்டில்தான் காரியம் இருக்கிறது. அந்தப் பாஸ்பேட்டை ஏற்றிவைப்பது உங்கள் தசையேதான், அதுவும் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில்.

தசை சுருங்கும்போது நேரடியாகச் செலவாவது அடினோசின் ட்ரைபாஸ்பேட். அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசி ஒன்று பிரியும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் மையோசின் என்ற புரதம் இழுக்கிறது. மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் உள்ள டைபாஸ்பேட். முழு மூச்சாகத் தள்ளும்போது, தசையில் இருக்கும் ட்ரைபாஸ்பேட் இரண்டு விநாடி அளவுக்குத்தான் போதும். ஆனாலும் இரண்டாவது விநாடியில் யாரும் சுருண்டு விழுவதில்லை. காரணம், பக்கத்திலேயே அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அளவில், பாஸ்பேட் ஏறிய கிரியேட்டினான பாஸ்போகிரியேட்டின் காத்திருக்கிறது. கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கி டைபாஸ்பேட்டின்மேல் வைக்கிறது. உடனே அது மறுபடியும் ட்ரைபாஸ்பேட். ஒரே படிதான், ஆக்சிஜன் வேண்டாம். சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கப் பத்துப் படிகள் வேண்டும் என்பதை நினைத்தால் இந்த வேகம் புரியும். இன்னொரு நன்மையும் உண்டு: இந்த மாற்றம் நடக்கும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியும் உள்ளே இழுக்கப்படுகிறது, அதனால் தசை புளிப்பேறுவது சற்றுத் தள்ளிப்போகிறது.

உங்கள் வள்ளத்துக்கு வருவோம். ஒரு தள்ளல் ஆறு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஆறு விநாடி உழைத்தால் தேவையான ட்ரைபாஸ்பேட்டில் ஏறக்குறைய பாதி பாஸ்போகிரியேட்டினிலிருந்து வருகிறது, மீதியில் பெரும்பங்கு சர்க்கரையிலிருந்து. அதற்குள் பாஸ்போகிரியேட்டின் இருப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். இழந்ததில் பாதி திரும்பவே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். ஏறக்குறைய முழுதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். பத்து விநாடி இடைவெளியில் அடுத்த தள்ளலைத் தொடங்கினால் அரைகுறை இருப்போடுதான் தொடங்குகிறீர்கள். நான்காவது தள்ளல் சோர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நிரப்பும் வேலைக்கு மட்டும் ஆக்சிஜன் கட்டாயம். உழைத்த தசைக்கு ரத்தம் போகாமல் பட்டை கட்டி இறுக்கினால் பாஸ்போகிரியேட்டின் மீள்வதில்லை, அவிழ்த்ததும் மீள்கிறது. அதனால் உழைத்த காலில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்படி மடக்கிக் குந்துவதைவிட நின்று நடமாடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பாஸ்போகிரியேட்டினைக் கண்டவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1927-இல் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும், பூனையின் தசையைத் தூண்டினால் இந்தப் பொருள் குறைவதையும் ஓய்வில் திரும்புவதையும் காட்டினார்கள். சுப்பாராவைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

பொடி என்ன செய்யும்? தசையில் மொத்தக் கிரியேட்டின் அளவைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தும். நாளுக்கு மூன்று கிராம் வீதம் நான்கு வாரம் எடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். பலருக்கு முதல் தள்ளலில் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாவது, நான்காவது தள்ளல் முன்பைப் போல அவ்வளவு சரியாமல் இருந்தால் பொடி வேலை செய்கிறது என்று கொள்ளலாம். எடை ஒரு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் தண்ணீர். மணிக்கணக்கில் கரைவலை இழுப்பதற்கு இதனால் பெரிய பயன் இல்லை. அங்கே ஆக்சிஜன் வழியாக வரும் ஆற்றல்தான் பேசும்.

தினமும் மீன் சாப்பிடுகிறவர் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருப்பு நன்றாக இருக்கலாம், கூடும் அளவு குறையும். பச்சை மீன் ஒரு கிலோவில் நான்கைந்து கிராம் கிரியேட்டின் உண்டு. ஆனால் இறால், நண்டு, கணவாய் மூன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதுகெலும்பில்லாத அந்த உயிர்களின் தசையில் இதே வேலையைச் செய்வது பாஸ்போ ஆர்ஜினின்.

கிரியேட்டின் உடலில் கழியும்போது கிரியேட்டினின் ஆக மாறிச் சிறுநீரில் போகிறது. பொடி எடுக்கும் காலத்தில் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்று உயர்ந்து தெரியலாம், சிறுநீரகம் கெட்டதுபோல் அறிக்கை பயமுறுத்தும். பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் பொடியைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் அவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.