கேன் பயிற்சியில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருவது ஏன்?

"பூப் படங்களை வைத்து கேன் பயிற்றுகிறேன். கொஞ்ச நேரத்தில் எல்லாமே ஒரே மஞ்சள் பூவாகிவிடுகிறது. டிஸ்கிரிமினேட்டர் லாஸ் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. டிஃப்யூஷனுக்கு மாறலாமா?"

மாறலாம். இப்படி எல்லாம் ஒரே படமாகிவிடுவதற்குப் பெயர் மோட் கொலாப்ஸ். கேனில் இரண்டு நெட்வொர்க்குகள் மோதுகின்றன: ஜெனரேட்டர் நாய்ஸ் எனும் தாறுமாறான எண்களிலிருந்து படம் வரையும், டிஸ்கிரிமினேட்டர் அது அசலா போலியா என்று பிரிக்கும். எல்லா வகைப் பூவையும் வரையச் சொல்லி ஜெனரேட்டரை யாரும் கேட்கவில்லை. எதிராளியை ஏமாற்றினால் போதும். மஞ்சள் பூ ஒருமுறை ஏமாற்றிவிட்டால், எந்த நாய்ஸ் கொடுத்தாலும் அதையே நீட்டும். பிறகு டிஸ்கிரிமினேட்டர் ரொம்பக் கெட்டியாகிவிட்டால், ஜெனரேட்டருக்குத் திருத்திக்கொள்ள உருப்படியான கிரேடியன்ட்டும் கிடைக்காது. உங்கள் லாஸ் காட்டுவது அதைத்தான்.

டிஃப்யூஷனில் எதிராளியே கிடையாது. ஒரு படத்தை எடுத்து, (வழக்கமாக) 1000 படிகளில் ஏதோ ஒன்றின் அளவுக்கு நாய்ஸ் கலந்து, கலந்த நாய்ஸ் எது என்று நெட்வொர்க்கைக் கணிக்கச் சொல்கிறோம். லாஸ் வெறும் வர்க்கப் பிழைச் சராசரி. ஒவ்வொரு படத்துக்கும் முறை வருவதால், அபூர்வமான நீலப் பூவை ஒதுக்கினால் அங்கே லாஸ் ஏறும். 2020-இல் ஹோ குழுவின் டிடிபிஎம் என்ற டிஃப்யூஷன் மாடல் வந்தபின் காற்று இந்தப் பக்கம் திரும்பியதற்கு, என் பார்வையில், இந்த நிதானமே முக்கியக் காரணம்.

விலை வேகம்தான். கேன் ஒரே ஓட்டத்தில் படம் தரும். டிஃப்யூஷன் நாய்ஸைப் படிப்படியாக நீக்கித்தான் படம் தரும்; படிகளைத் தாண்டித் தாண்டிப் போகும் டிடிஐஎம் சாம்ப்ளர் போட்டாலும் சுமார் 50 ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் சீக்கிரமே தட்டையாகிவிடும், பதறி நிறுத்தாதீர்கள். பயிற்சியில் வந்த வெயிட்களின் நகரும் சராசரியான ஈஎம்ஏ வெயிட்டில் மாதிரிப் படங்கள் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.