இன்சூரன்ஸ்ல மாரல் ஹசார்ட், அட்வர்ஸ் செலக்ஷன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா வேறயா? எகனாமிக்ஸ் படிக்காதவனுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க

வேற வேற. அட்வர்ஸ் செலக்ஷன் பாலிசி வாங்கும்போதே நடக்குது, மாரல் ஹசார்ட் வாங்கினப்புறம். நம்ம ஊர் மழையையும் காரையும் வச்சே சொல்றேன்.

சாதாரண ஃபுல் கவர் இருந்தாலும், தண்ணில நிக்கற வண்டிய ஸ்டார்ட் பண்ணி உள்ள தண்ணி இழுத்து இன்ஜின் போச்சுன்னா பெரும்பாலும் அந்தக் காசு வராது, அதுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்'னு ஒரு ஆட்-ஆன் தனியா வாங்கணும். யாரு வாங்குவா? வேளச்சேரி, முடிச்சூர்ல பள்ளமான தெருவுல வண்டி விடறவங்கதான் முதல்ல. ஆனா பிரீமியம் கணக்குல பொதுவா சென்னை மொத்தமும் ஒரே ஸோன், உங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி நிக்குமான்னு உங்களுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். 100 கார், அதுல 20 பள்ளத்துல, 80 மேட்டுல. பள்ளத்து காருக்கு வருஷத்துக்கு சராசரியா 5,000 ரூபா நஷ்டம், மேட்டு காருக்கு 500. மொத்தம் 1,40,000, ஆளுக்கு 1,400 வாங்கினா கம்பெனிக்கு கட்டுப்படி ஆகும். மேட்டுக்காரர் 'எனக்கு எதுக்கு இவ்ளோ'ன்னு பாதிப் பேர் விலகிட்டா, மிச்சம் 60 காருக்கு நஷ்டம் 1,20,000, ஆளுக்கு 2,000 ஆயிடும். அதப் பாத்து இன்னும் பத்து பேர் விலகுவாங்க, விலை இன்னும் ஏறும், கடைசில பள்ளத்துக்காரங்க மட்டும் ஆளுக்கு 5,000 கட்டிட்டு நிப்பாங்க. இதுதான் அட்வர்ஸ் செலக்ஷன். இங்க யாரும் ஏமாத்தல, தன் தெருவ தெரிஞ்சு வாங்கறது தப்பே இல்ல, அவங்கள குத்தம் சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மாரல் ஹசார்ட்ல ஆள் அதேதான், நடத்தை மாறுது. புயல் எச்சரிக்கை வந்தா வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிக்குமே, அந்த ஆட்-ஆன் இல்லாதவர் ராத்திரியே கொண்டு போய் விடுவார், இருக்கறவர் 'பாத்துக்கலாம்'னு பேஸ்மெண்ட்லயே விட்டுடுவார். வேணும்னு செய்யணும்னு இல்ல, நஷ்டம் தன்னோடது இல்லன்னா அக்கறை கொஞ்சம் தளரும்.

அதனாலதான் மருந்தும் வேற வேற. முதல் பிரச்சினைக்கு, இந்த ஆட்-ஆன பொதுவா பாலிசி எடுக்கும்போதோ ரினியூவல்லயோதான் தருவாங்க, புயல் சின்னம் உருவானப்புறம் ஓடிப்போய் கேட்டா கிடைக்காது. ரெண்டாவதுக்கு, ஒவ்வொரு கிளெய்ம்லயும் ஒரு தொகை நம்ம கைல இருந்து போகும், அதோட கிளெய்ம் இல்லாத வருஷத்துக்குப் பிரீமியத்துல தள்ளுபடியா கிடைக்கற நோ கிளெய்ம் போனஸ், 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல 50 வரைக்கும் ஏறினது, ஒரு கிளெய்ம்ல பொதுவா ஜீரோ ஆயிடும். அப்போ நமக்கும் வலிக்கும் இல்ல, வண்டிய மேம்பாலத்துக்கு எடுத்துட்டு போவோம்.

ஆனா ஆட்-ஆன் வாங்கினவங்க கிட்டருந்து கிளெய்ம் அதிகமா வருதுங்கற ஒண்ண மட்டும் வச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது. அதே ஆள் அதே தெருவுல ஆட்-ஆன் வாங்கறதுக்கு முன்னாடி எங்க பார்க் பண்ணார், அப்புறம் எங்க பண்றார்னு பாத்தாதான் பிரியும்.