தண்டல் கணக்கில் ஒளிந்திருக்கும் ஆண்டு வட்டி

கேள்வி: பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "15 சதவீதம்தானே, நகைக்கடன் வட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்" என்கிறார் தருபவர். சரிதானா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. நகைக்கடனுக்குச் சொல்வது ஒரு வருட வட்டி. அவர் சொல்வது 100 நாளுக்கு. இன்னொரு மறைவும் இருக்கிறது. அதை ஒரு கதையாகவே சொல்கிறேன்.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் இதே தண்டலை வாங்கியிருந்தார். ஐம்பதாம் நாள் 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு, தண்டல் அட்டையைப் பார்த்தபடி நின்றார். இதுவரை 5,000 கட்டியாகிவிட்டது. அப்படியானால் வாங்கிய 8,500-இல் இன்னும் தன்னிடம் இருப்பது 3,500தான். ஆனால் வட்டியோ முழு 10,000-க்கும் முதல் நாளே பிடித்தாகிவிட்டது!

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். முதல் நாள் கையில் 8,500, கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரியாக 100 நாளும் தன்னிடம் இருந்த கடன் 4,250. அதற்கு வட்டி 1,500, அதாவது 100 நாளில் 35 சதவீதம். வருடத்துக்கு அதை 3.65 மடங்காக்கினால் 129 சதவீதம் வந்தது. 85ஆம் நாளோடு வாங்கிய பணம் முழுவதும் திரும்பிப் போய்விடும், மீதி 15 நாள் கட்டுவதெல்லாம் வட்டிதான் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அண்ணாச்சி போட்டது தோராயக் கணக்கு. தினமும் கட்டும் நூறில் ஒரு பகுதி வட்டிக்குப் போவதால் அசல் கொஞ்சம் மெதுவாகத்தான் குறையும். துல்லியமாக வேண்டுமென்றால் எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
=RATE(100,-100,8500)*365
```

விடை 1.21, அதாவது ஆண்டுக்கு 121 சதவீதம்.

அறுபதாம் நாள் வசூல்காரர், "பழையதை அடைச்சுட்டுப் புதுசா எழுதிக்கலாமா அண்ணாச்சி?" என்றார். மீதி 4,000-ஐக் கழித்துக்கொண்டு 4,500 கையில் தருவாராம். பலர் சிக்குவது இங்கேதான். அந்த 4,000-க்குள் இன்னும் வராத 40 நாளின் வட்டியும் இருக்கிறது. அதில் ஒரு பைசா குறைக்க மாட்டார்கள். அப்படி அடைத்தால் பழைய கடனின் வட்டியே 143 சதவீதத்தைத் தொடும். அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீதி 40 நாளையும் கட்டி முடித்தார்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டினால் காவல் நிலையத்தில் தயங்காமல் புகார் கொடுங்கள்.

உங்களிடம் அடகு வைக்க நகை இருந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 8,500 ரூபாயை 100 நாள் முழுக்க வைத்திருந்தாலும் வட்டி சுமார் 280 ரூபாய்தான் ஆகும்.